ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வகுத்தால் பயணக் கணக்கு தப்பும்

கேள்வி: நான், மனைவி, 13 வயது மகன், 8 வயது மகள், என் அம்மா என்று நாங்கள் ஐந்து பேர். ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் 1.6 லிட்டர் காரிலேயே ஆறு நாள் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் போய்வர ஆசை. போன வருடம் என் மச்சான் மனைவி, குழந்தையோடு நான்கு நாள் ஈப்போ போய்வந்தார். மொத்தம் 900 வெள்ளி ஆனதாம். அதை வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 வெள்ளி. அந்தக் கணக்கில் எங்களுக்கு 2,250 வெள்ளி வருகிறது. கையில் இருப்பது 2,000. பினாங்கை விட்டுவிடலாமா? தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
- ஈசூன் வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, பினாங்கை விட வேண்டாம். அதே ஆறு நாளில் பினாங்கை மட்டும் எடுத்துவிட்டு அந்த இரண்டு இரவையும் ஈப்போவிலேயே கழித்தால் மிஞ்சுவது 45 வெள்ளி போலத்தான். அறை வாடகையும் சாப்பாடும் எந்த ஊரில் இருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறைவது ஈப்போவுக்கும் பினாங்குக்கும் இடையே போகவர ஆகும் பெட்ரோலும் டோலும் மட்டுமே. அம்மாவின் ஆசையை 45 வெள்ளிக்காக ஒதுக்க வேண்டியதில்லை.

உங்கள் மச்சான் சொன்ன 900 வெள்ளியில் தவறு இருக்காது. அதை வகுத்த விதத்தில்தான் தவறு. பயணச் செலவில் ஒவ்வொன்றும் வேறுவேறு விதமாகப் பெருகும். பெட்ரோலும் டோலும் கிலோமீட்டரோடு பெருகும். காரில் மூன்று பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் டோல் அதேதான். தங்குமிடம் இரவோடும் அறையோடும் பெருகும். இதில் ஆள் கணக்கு படிப்படியாகத்தான் ஏறும்: மூன்று பேருக்கு ஓர் அறை போதும், ஐந்து பேர் என்றதும் ஒரேயடியாக இரண்டு அறை. சாப்பாடு ஒன்றுதான் ஆளோடும் நாளோடும் சேர்ந்து பெருகும். இந்த மூன்றையும் கலந்து ஆளுக்கு நாளுக்கு என்று வகுத்தால், மச்சான் ஈப்போ போய்த் திரும்பிய நெடுஞ்சாலைச் செலவை நீங்கள் இரண்டு மூன்று தடவை கட்டுவதாக ஆகிவிடுகிறது. நீங்கள் ஜொகூரைக் கடந்து போவதும் ஒரு தடவை, வருவதும் ஒரு தடவை.

அதனால் ஒரு தாளை எடுத்து மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தையே வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். வெள்ளி ஒன்றுக்கு 3.20 ரிங்கிட் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பும் வாரத்து விகிதத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் தூரம். ஈசூனிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 550 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து ஜார்ஜ்டவுன் 160. அங்கிருந்து கோலாலம்பூருக்கு 360, கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு 350. கூட்டினால் 1,420. பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஊருக்குள் ஓட்டும் தூரம் வரைபடத்தில் தெரியாது. ஹோட்டலிலிருந்து கோயில், கோயிலிலிருந்து சாப்பாட்டுக் கடை, வழி தவறித் திரும்புவது, நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று என்று அது சேர்ந்துகொண்டே போகும். நாளுக்கு 40 கிலோமீட்டர் வைத்தால் ஆறு நாளைக்கு 240. ஆக 1,660 கிலோமீட்டர்.

அடுத்து, உங்கள் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது. விற்றவர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். முகப்புத் திரை காட்டும் எண்ணும் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். நீங்களே அளந்துவிடலாம். பெட்ரோல் போடும்போது குழாய் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அடுத்த தடவையும் அதே மாதிரி முதல் 'டக்'கில் நிறுத்துங்கள். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான எண் கிடைத்துவிடும்.

என் காரின் முன்பெட்டியில் ஒரு சின்ன நோட்டு கிடக்கும். போன மாதம் மனைவி அதில் எழுதியிருந்தது: 412 கிலோமீட்டர், 33.6 லிட்டர். வகுத்தால் 12.3. விரைவுச்சாலையில் சீராக 90, 100 என்று போனால் இதைவிட நன்றாக வரும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி 110-ல் விரட்டினால் அந்த லாபம் போய்விடும். அதனால் இங்கே அளந்த எண்ணையே கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கும் லிட்டருக்கு 12 என்று போடுகிறேன். அளந்து பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1,660-ஐ 12-ஆல் வகுத்தால் 138 லிட்டர். இதோடு சோதனைச்சாவடி வரிசையையும் சேர்க்க வேண்டும். பள்ளி விடுமுறையில் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரிடும். குளிர்சாதனத்தை ஓடவிட்டு நிற்கும் கார் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர இரண்டு தடவைக்கும் சேர்த்து 7 லிட்டர் கூட்டினால் 145 லிட்டர்.

இந்த 145 லிட்டருக்கும் ஒரே விலை கிடையாது. சிங்கப்பூரில் பதிவான கார் இங்கிருந்து வெளியேறும்போது டாங்க் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். 1991 முதல் இதே விதிதான். முள் குறைவாக இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு, திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். உங்கள் டாங்க் 50 லிட்டர் என்றால் முதல் 38 லிட்டரை இங்குள்ள விலையில்தான் வாங்கியாக வேண்டும். மலேசியாவிலும் நம் காருக்கு ரோன்95 போடக் கூடாது. அது அந்நாட்டவருக்கான மானிய எண்ணெய். நாம் ரோன்97 தான் போட வேண்டும், அதன் விலை வாராவாரம் மாறும். ஜொகூரில் யாரோ ரோன்95 விலையைச் சொல்ல, அதை வைத்துக் கணக்குப் போட்டு வரும் குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இங்கே லிட்டர் 2.80 வெள்ளி, அங்கே ரோன்97 3.30 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 38 லிட்டருக்கு 106 வெள்ளி. மீதி 107 லிட்டருக்கு 353 ரிங்கிட், அதாவது 110 வெள்ளி. பெட்ரோல் மொத்தம் 216 வெள்ளி.

திரும்பி வரும்போது ஜொகூரில் டாங்கை நிரப்பிக்கொண்டு வருவீர்கள். அந்தப் பணம் உங்கள் அட்டையிலிருந்து போகும், ஆனால் அது அடுத்த வாரம் வேலைக்குப் போகவர ஓட்டப் போகும் பெட்ரோல். அதைப் பயணக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டுக் கணக்கில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைசி நாளில் "எப்படி இவ்வளவு கூடிவிட்டது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

டோல் கணக்கு சுலபம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும் இடத்தில் அட்டையைத் தட்டி, வெளியேறும் இடத்தில் மறுபடி தட்டினால் ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கழியும். 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைத்த பிறகு காருக்குக் கிலோமீட்டருக்கு 11.15 சென். உங்கள் பயணத்தில் டோல் உள்ள தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர், அதற்கு 145 ரிங்கிட். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும் 5.74. திரும்பும்போது கிடையாது. ஜொகூருக்குள் நுழையும்போது வெளிநாட்டுக் காருக்கான சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். கோலாலம்பூருக்குள் இருக்கும் சின்னச் சின்ன டோல்களுக்கும் எல்லையில் கழியும் டோலுக்கும் சேர்த்து 30 வைத்தால் மொத்தம் 200 ரிங்கிட். அது 63 வெள்ளி.

தொகை சின்னதுதான். ஆனால் டச் அண்ட் கோ அட்டையில் அந்தப் பணம் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஈப்போவில் வெளியேறும்போது ஒரே தட்டில் 58 ரிங்கிட் போலக் கழியும், அதற்கு முன்பே எல்லையில் 20 போயிருக்கும். ஒரு வருடம் நான் அட்டையில் 70 ரிங்கிட் இருக்கிறது என்ற தைரியத்தில் கிளம்பினேன். ஈப்போ சாவடியில் தட்டினேன், தடுப்பு எழும்பவில்லை. பின்னால் ஏழெட்டுக் கார், பின்னிருக்கையில் அழும் பிள்ளை. அன்றிலிருந்து 250 ரிங்கிட் ஏற்றாமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. இன்னொன்று, எந்த அட்டையைத் தட்டி நுழைந்தீர்களோ அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். நுழையும்போது உங்களுடையது, வெளியேறும்போது மனைவியுடையது என்றால் எங்கிருந்து வந்தீர்கள் என்பது கருவிக்குத் தெரியாது. அதிகபட்சத் தொகையைக் கழித்துவிடும்.

மலேசியாவுக்குள் ஓட்டும் நம் கார்களுக்கு வி.இ.பி. அனுமதி இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். பதிவுக்கு 10 ரிங்கிட், ஐந்து வருடத்துக்குச் செல்லும். உங்களிடம் இன்னும் இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், வில்லை கைக்கு வந்து சேர நாளாகும்.

இப்போது தங்குமிடம். நான் நிதானமாகச் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். பயணச் செலவு கூடுவதும் குறைவதும் இங்கேதான். பெட்ரோல் விலையைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள், அறை வாடகையை யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை.

ஆறு நாள் என்றால் ஐந்து இரவு: ஈப்போவில் இரண்டு, பினாங்கில் இரண்டு, கோலாலம்பூரில் ஒன்று. ஐந்து பேருக்கு இரண்டு அறை. ஆகப் பத்து அறை-இரவு. ஓர் அறை 220 ரிங்கிட் என்று திரையில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தங்குமிடத்துக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. சேரவில்லை என்றால் அது 237.60 ஆகிவிடும். அப்புறம் சுற்றுலா வரி. மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை, நம்மைப் போன்றவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் கட்ட வேண்டும். இதைப் பெரும்பாலும் முன்பதிவின்போது காட்டமாட்டார்கள், சாவி வாங்கும்போது கவுண்டரில் கேட்பார்கள். பத்து அறை-இரவுக்கு அதுவே 100 ரிங்கிட். பினாங்கில் ஊர்க் கட்டணமாக ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இன்னும் இரண்டு மூன்று ரிங்கிட் கேட்பார்கள். எல்லாம் சேர்ந்து 2,490 ரிங்கிட். 778 வெள்ளி.

பெட்ரோலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோன்97 லிட்டருக்கு 30 சென் ஏறினால் உங்களுக்குக் கூடுவது 32 ரிங்கிட், அதாவது 10 வெள்ளி. ஆனால் விடுமுறை நெருங்க நெருங்க 220 ரிங்கிட் அறை 300 ஆனால்? வரியோடு சேர்த்துக் கூடுவது 864 ரிங்கிட், 270 வெள்ளி. நீங்கள் இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அறையைப் பிடியுங்கள், பெட்ரோல் விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி பதிவு செய்யுங்கள். எல்லையில் எப்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

இரண்டு அறைக்குப் பதிலாக ஐந்து பேர் தங்கும் குடும்ப அறை ஒன்று 330 ரிங்கிட்டுக்குக் கிடைத்தால், வரி ஒன்றுக்குத்தான், சுற்றுலா வரியும் ஓர் அறைக்குத்தான். ஐந்து இரவில் 200 வெள்ளி மிச்சம். ஆனால் எனக்கு ஒரு தயக்கம். உங்கள் அம்மாவுக்கு ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கும் வயது என்றால், ஒரே குளியலறைக்கு ஐந்து பேர் என்பது இரண்டாம் நாளே எல்லோரையும் சிடுசிடுக்க வைத்துவிடும். கோலாலம்பூரில் ஓர் இரவு மட்டும் குடும்ப அறை, மற்ற இரண்டு ஊரிலும் இரண்டு அறை என்பதுதான் நான் தேர்ந்தெடுக்கும் வழி. கணக்கில் இரண்டு அறையையே வைத்துக்கொள்கிறேன். மிஞ்சினால் நல்லது.

"காலை உணவு உண்டு" என்று போட்டிருந்தால் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓர் அறைக்கு இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆளாக இருக்கும் பிள்ளைக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ஈப்போவிலும் பினாங்கிலும் தெருவில் இறங்கினால் தோசையும் ரொட்டி சானாயும் கிடைக்கும்போது காலை உணவுக்காக அறை விலையைக் கூட்டிக் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

சாப்பாட்டுக்கு வாய்க் கணக்கு போடுவோம். பெரியவர்கள் மூன்று வாய். உங்கள் மகனுக்கு 13 வயது, அவனை முழு வாயாகவே எழுதுங்கள். மகளுக்கு அரை வாய். ஆக நாலரை. ஒரு பெரிய வாய்க்கு நாளுக்குக் காலை 8 ரிங்கிட், மதியம் 15, தேத்தண்ணியும் பலகாரமும் 7, ராத்திரி 22, மொத்தம் 52. நாலரை வாய்க்கு 234 ரிங்கிட், ஆறு நாளைக்கு 1,404. இதோடு ஒருநாள் கடல் உணவு, ஒருநாள் கொஞ்சம் நல்ல உணவகம் என்று இருக்கத்தான் செய்யும். அங்கே 6 விழுக்காடு சேவை வரியும், சில இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் பில்லில் ஏறும். அந்த இரண்டு நாளுக்கும் கூடுதலாக 200 வைத்தால் 1,600 ரிங்கிட். சரியாக 500 வெள்ளி.

முதல் நாள் புளிச்சோறும் வறுவலும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, எல்லை வரிசையில் மாட்டிக்கொள்ளும்போது பிள்ளைகளும் அம்மாவும் பசியோடு இருக்க மாட்டார்கள். பசி வந்துவிட்டால் வழியில் முதலில் தென்படும் கடையில் நிறுத்தி, பார்க்காமல் வாங்கிக் குவிப்போம். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பணம் கரைந்ததெல்லாம் அப்படித்தான்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆனாலும் கார் நிறுத்தும் கட்டணம், நுழைவுச்சீட்டு இரண்டுக்கும் 450 ரிங்கிட் ஒதுக்குங்கள். மலேசியாவின் பல சுற்றுலா இடங்களில் மைகாட் உள்ளவர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதலான இன்னொரு விலை. உறவினர் சொன்ன விலையை அப்படியே எழுதாமல் வெளிநாட்டவர் விலையைப் பார்த்து எழுதுங்கள்.

கூட்டிப் பார்ப்போம். ரிங்கிட்டில் ஆகும் செலவு: பெட்ரோல் 353, டோல் 200, அறை 2,490, சாப்பாடு 1,600, மற்றவை 450. மொத்தம் 5,093 ரிங்கிட், அது 1,592 வெள்ளி. இங்கே போடும் முதல் டாங்க் 106-ஐச் சேர்த்தால் 1,698. நீங்கள் பயந்த 2,250-க்கும் இதற்கும் 550 வெள்ளி வித்தியாசம். உங்கள் 2,000-க்குள் பினாங்கும் அடங்கிவிட்டது, இன்னும் 300 கையில் இருக்கிறது.

அந்த 300-ஐ மிச்சம் என்று நினைத்து இப்போதே செலவு செய்துவிடாதீர்கள். நாணய விகிதம் 3.20-லிருந்து 3.10-க்கு இறங்கினாலே 50 வெள்ளி கூடிவிடும். அட்டையில் தேய்த்தால் பல வங்கிகள் வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும். அதைவிடப் பெரியது முதல் நாள்தான். 550 கிலோமீட்டர் என்பது ஓட்டும் நேரம் மட்டுமே ஆறு, ஏழு மணி நேரம். எல்லையில் நான்கு மணி நேரம் போய்விட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஈப்போவுக்கு ஓட்ட மாட்டீர்கள், வழியில் மலாக்காவிலோ சிரம்பானிலோ தங்கிவிடுவீர்கள். இரண்டு அறைக்கு 500 ரிங்கிட், கூடவே ஈப்போவில் பிடித்த அறையின் அன்றைய வாடகையும் போகும். 300 வெள்ளி அப்படியே காணாமல் போக இந்த ஒரு ராத்திரி போதும். விடிவதற்கு முன்பே சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் விடுமுறையின் முதல் சனிக்கிழமையை விட்டுவிட்டு வாரநாளில் கிளம்புங்கள்.

கார் பழுதாவது, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவது, இவற்றை இந்த 300-இல் சேர்க்க முடியாது. உங்கள் கார்க் காப்பீடு மேற்கு மலேசியாவுக்கும் செல்லுமா, இழுவை வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் வரை கொடுப்பார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் நின்றுபோன காரை உட்லண்ட்ஸ் வரை இழுத்துவர உங்கள் சொந்தப் பணம் போனால் இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது வயது வரம்பையும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது செல்லுமா என்பதையும் வாசித்துப் பாருங்கள்.

பயணத்தின் நடுவில் கணக்கு சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு நேரம் சொல்கிறேன்: இரண்டாம் நாள் ராத்திரி, ஈப்போ அறையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அறைப் பணம் ஏற்கெனவே போய்விட்டது, பெட்ரோலும் டோலும் பெரிதாக மாறாது. மாறக்கூடியது சாப்பாடு ஒன்றுதான். அதனால் அதை மட்டும் எண்ணுங்கள். இரண்டு நாளுக்கு 468 ரிங்கிட் என்பது நம் கணக்கு. 500 ஆகியிருந்தால் பரவாயில்லை. 650 தாண்டியிருந்தால் மீதி நான்கு நாளும் அதே போக்கில் போகும், கடைசியில் 170 வெள்ளி கூடி நிற்கும். அப்போது பினாங்கில் நல்ல உணவகம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது கோலாலம்பூரில் குடும்ப அறைக்கு மாறிக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் தெரிந்தால் எதையும் மாற்ற முடியாது.

நோட்டில் கிளம்பும்போது மீட்டர் காட்டிய எண்ணையும் எழுதுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி எழுதிக் கழித்துப் பாருங்கள். 1,660-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். தண்ணீர்மலைக்கு ஏறப் படிகள் நிறைய உண்டு. அம்மாவைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே அழைத்துப் போங்கள்.